ராஜினாமாவுக்கு முன் கையில் எவ்வளவு?

சம்பள வேலையை விட்டு ஃப்ரீலான்ஸில் இறங்க நினைப்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள் என்பது. சிலர் ஒரு வருடம் என்பார்கள். இரண்டுமே பாதிக் கணக்கு. வாடிக்கையாளர்களிடமிருந்து மாதாமாதம் நம்பி எதிர்பார்க்கக்கூடிய தொகை எவ்வளவு, அவர்களில் பெரிய பங்கு தருபவர் போய்விட்டால் மிஞ்சுவது எவ்வளவு, அந்த இடத்தை நிரப்ப எத்தனை மாதம் பிடிக்கும் என்ற மூன்றும் தெரியாதவரை சேமிப்பு போதுமா, போதாதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவருக்கு நாலு மாதச் செலவே தாராளமாக இருக்கும். இன்னொருவருக்கு ஒரு வருடச் செலவும் பற்றாது. நம்பகமான வருமானம் கூடக்கூட, தேவைப்படும் சேமிப்பு குறையும். எவ்வளவு கூடினால் எவ்வளவு குறையும் என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

கணக்குக்காக வைத்துக்கொள்ளும் குடும்பம் கோயம்புத்தூரில் இருக்கிறது. கணவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வெப் டெவலப்பர், வயது 34, பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 72,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. இரண்டாம் வகுப்பில் ஒரு மகள், வீட்டுக் கடன், ஊரில் பெற்றோர். கணவர் இரவிலும் வார இறுதியிலும் வெளி வேலைகள் செய்து கொஞ்சம் சம்பாதிக்கிறார். அதை முழுநேரமாக்க நினைக்கிறார்.

மாதச் செலவு உண்மையில் எவ்வளவு?

முதலில் தெரிய வேண்டியது செலவுத் தொகை. மனக்கணக்கில் வரும் எண் பெரும்பாலும் தவறாகவே இருக்கும், அதுவும் குறைவாக. மாதாமாதம் போகும் பணம்தான் நினைவில் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை வருவது நிற்காது. ஆகவே பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக் கூட்ட வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் இ.எம்.ஐ., மளிகை, பால், கேஸ், மின்கட்டணம், போன், பெட்ரோல், பெற்றோருக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்து மாதம் 54,000 ஆகிறது. பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டு வரி, தீபாவளி, பொங்கல், கல்யாண மொய், வீட்டில் வரும் ரிப்பேர் ஆகியவை ஆண்டுக்கு 1,92,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 16,000. அப்படியானால் மெய்யான மாதச் செலவு 70,000. மனக்கணக்கை நம்பி இறங்குபவருக்கு 54,000 என்பதே கையிருப்பின் அடிப்படையாக இருந்திருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதுதான் பிசகு தெரியவரும்.

அடுத்து, இதுவரை நிறுவனம் சுமந்து வந்தவை. குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மென்பொருள் சந்தா, நல்ல இணைய இணைப்பு, மின்சாரம் போனால் ஓட யூ.பி.எஸ்., ஆடிட்டர் கட்டணம் எல்லாம் இனிச் சொந்தச் செலவு. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 30,000, அடுத்த லேப்டாப்புக்காக மாதம் 2,000 என்று ஒதுக்கி மற்றவற்றையும் சேர்த்தால் மாதம் 7,000 வருகிறது. இதற்கு மேல் பி.எஃப். இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் ஊழியரிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 4,800. நிறுவனமும் அதே அளவு போடுகிறது. மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல், கண்ணில் படாமலே சேர்ந்துகொண்டிருந்த பணம். இனி அதைத் தாமாகவே எடுத்து வைக்க வேண்டும். ஆக 70,000, 7,000, 9,000 மூன்றும் சேர்ந்து 86,000. மனைவியின் 18,000-ஐக் கழித்தால், ஃப்ரீலான்ஸில் சம்பாதிக்க வேண்டிய தொகை மாதம் 68,000. இதை முழு எண் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எண்ணும் தேவை. வருமானம் குறைந்த மாதங்களில் எதுவரை செலவைச் சுருக்க முடியும்? ஓய்வுக்காலச் சேமிப்பைச் சில மாதம் நிறுத்தலாம். ஓட்டல், துணிமணி, விசேஷச் செலவில் 6,000 குறைக்கலாம். மொத்தம் 15,000 போனால் 53,000. இது இறுக்கமான எண். பட்டியலில் எழுதிவைத்துவிட்டால் மட்டும் இந்த எண் உண்மையாகிவிடாது. வேலையில் இருக்கும்போதே மூன்று மாதம் இந்த அளவிலேயே குடும்பத்தை நடத்திப் பார்த்தால்தான், வீட்டில் எல்லோருக்கும் அது தாங்குமா என்று தெரியும். பெரும்பாலும் தாங்காது, எண்ணை நாலைந்தாயிரம் ஏற்ற வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதான். அந்த மூன்று மாதத்தில் மிச்சமாகும் பணமும் சேமிப்பில் சேர்ந்துவிடும்.

எது நிலையான வருமானம்?

வெளி வேலை வருமானத்தைப் பற்றிப் பேசும்போது பலர் அனுப்பிய பில்களின் தொகையைச் சொல்வார்கள். கணக்கில் எடுக்க வேண்டியது வங்கியில் வந்து விழுந்த பணத்தை மட்டும். நிறுவனங்களாக இருக்கும் இந்திய வாடிக்கையாளர்கள், ஆண்டுக் கட்டணம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்போது தொழில்முறைக் கட்டணத்துக்குப் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டே தருவார்கள். வேலை தேடித்தரும் இணையதளங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ஃபைவர் தளம் எடுப்பது 20 சதவீதம்.

கோவைக்காரருக்கு மூன்று இடங்களிலிருந்து பணம் வருகிறது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், இணையதளப் பராமரிப்புக்கு மாதம் 20,000 தருகிறது. சிங்கப்பூரில் ஒரு சிறு நிறுவனம் மாதம் 12,000 அனுப்புகிறது. மூன்றாவது, சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சி. அது தன்னிடம் குவியும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும். ஒரு மாதம் 35,000 வரும், ஒரு மாதம் எதுவும் வராது. கடந்த ஆறு மாதத்தில் மொத்தம் வந்தது 2,92,000. சராசரி மாதத்துக்கு 48,000-க்குச் சற்று மேல்.

இந்தச் சராசரி ஏமாற்றக்கூடியது. ஆறில் இரண்டு மாதங்களில் வந்தது 32,000 மட்டுமே. இன்னொரு மாதம் திருப்பூர் நிறுவனம் பணமே தராமல் அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தது. ஏஜென்சி வேலை அதிகம் கிடைத்ததால் அது உறைக்கவில்லை. இ.எம்.ஐ. சராசரியைப் பார்த்துப் பிடிக்கப்படுவதில்லை, தேதியைப் பார்த்துப் பிடிக்கப்படுகிறது.

ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனியே எடை போட வேண்டும். ஆறு மாதமாவது தொடர்ந்து பணம் தந்திருக்கிறாரா? மாதாந்திர வேலை என்பது எழுத்தில் இருக்கிறதா? நிறுத்துவதானால் முப்பது நாளாவது முன்னறிவிப்பு தர வேண்டும் என்று அதில் உண்டா? வேலை தொடர்ந்து தேவைப்படும் இயல்புடையதா, ஒருமுறை முடித்தால் தீர்ந்துவிடுமா? இந்தக் கேள்விகளில் தேறுபவரின் தொகையை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். இடையிடையே வரும் வேலையை அதன் சராசரியில் பாதியாக மதிக்கலாம். இந்தப் பாதி என்பது ஒரு பாதுகாப்பான மதிப்பீடு, விதி ஒன்றும் கிடையாது. பேச்சளவில் இருப்பதையும் "நீங்க வேலையை விட்டதும் நிறைய தர்றோம்" என்ற வாக்குறுதியையும் பூஜ்யமாகவே வைக்க வேண்டும். அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த நேரம் வரும்போது அவர்களிடம் பட்ஜெட் இருக்க வேண்டுமே. இந்த அளவுகோலில் திருப்பூர் 20,000, சிங்கப்பூர் 12,000, ஏஜென்சி சராசரியான 16,700-இல் பாதி, சுமார் 8,000. நம்பக்கூடிய வருமானம் மாதம் 40,000.

அடுத்து வருவதுதான் பலரும் தவறவிடும் படி. இருப்பதிலேயே பெரிய வாடிக்கையாளர் நாளை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொண்டு மறுபடி கூட்ட வேண்டும். திருப்பூர் நிறுவனம் போனால் மிஞ்சுவது 20,000. இறுக்கமான எண்ணான 53,000-இல் இதைக் கழித்தால் மாதம் 33,000 துண்டு விழும். சேமிப்பு சுமக்க வேண்டிய பாரம் இதுதான். ஃப்ரீலான்ஸில் பெரிய வாடிக்கையாளர் விலகுவது அபூர்வமான விபத்தல்ல. ஏற்றுமதி ஆர்டர் சரிவதாலோ, நிர்வாகி மாறுவதாலோ, வேலையைச் செய்ய முழுநேர ஆள் ஒருவரை அவர்கள் வைத்துக்கொள்வதாலோ ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது அது நடக்கும் என்று எடுத்துக்கொள்வதே சரி. பழைய நிறுவனமே முதல் வாடிக்கையாளராக அமைவது உண்டு. தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் வருமானத்தில் முக்கால்வாசி அங்கிருந்தே வந்தால், பி.எஃப்.-உம் காப்பீடும் இல்லாத அதே வேலையில்தான் அவர் இருக்கிறார்.

வேலையில் இருந்துகொண்டே வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பல நிறுவனங்களின் பணி ஒப்பந்தம் வெளி வேலையைத் தடை செய்கிறது. 2022-இல் விப்ரோ, ஒரே நேரத்தில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த சுமார் 300 பேரை நீக்கியதாக அறிவித்தது. ஒப்பந்தத்தைப் படித்து, தடை இருந்தால் எழுத்தில் அனுமதி கேட்பது ஒரு வழி. அனுமதி கிடைக்காதவர்கள் வாடிக்கையாளரே இல்லாமல்தான் தொடங்க வேண்டியிருக்கும். அவர்களுக்கான சேமிப்புக் கணக்கு வேறு. அது பின்னால் வருகிறது.

துண்டு விழுவது எத்தனை மாதம்?

ஆறு மாதமா பன்னிரண்டா என்ற கேள்விக்குப் பதில் அவரவர் அனுபவத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் முதலில் பேசிய நாளுக்கும் முதல் பணம் கைக்கு வந்த நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் ஆனது என்று பழைய மின்னஞ்சல்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இவருக்கு ஏஜென்சி இரண்டு மாதத்தில் அமைந்தது, திருப்பூர் நாலு மாதம், சிங்கப்பூர் ஆறு மாதம். மிக நீண்டதான ஆறையே எடுத்துக்கொள்ளலாம். புதிய வாடிக்கையாளர் முதலில் சின்ன வேலையாகக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வேலைக்கு வருவார் என்பதால் அதற்கு மேல் மூன்று மாதம். மொத்தம் ஒன்பது மாதம். மாதம் 33,000 வீதம் ஒன்பது மாதத்துக்கு 2,97,000. சேமிப்பின் முதல் பகுதி இது.

இரண்டாவது பகுதி, வேலை இருந்தும் பணம் வராமல் காத்திருக்கும் காலத்துக்கானது. லாபத்தில் நடக்கும்போதே கையில் காசில்லாமல் திண்டாடுவது ஃப்ரீலான்ஸில் சகஜம். ஜூன் முழுக்க வேலை செய்து மாதக் கடைசியில் பில் அனுப்பினால், 45 நாள் தவணை வைத்திருக்கும் நிறுவனத்தின் பணம் ஆகஸ்ட் நடுவில் வரும். வேலை தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் இரண்டரை மாதம். இவர் 40,000-இலிருந்து 68,000-க்கு வளர வேண்டும். கூடுதலான 28,000-க்கு இரண்டரை மாதம் என்றால் 70,000 எப்போதும் வெளியில் நிற்கும். அந்தக் கூடுதல் வேலை இந்திய நிறுவனங்களுடையது என்றால் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குச் சற்று மேல் டி.டி.எஸ்.-ஆகவும் போகும். இரண்டும் சேர்த்து சுமார் ஒரு லட்சம்.

டி.டி.எஸ். பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பம், பொறியியல், கணக்கியல் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள், ஆண்டு வரவில் பாதியை லாபம் என்று காட்டி வரி கட்டும் எளிய முறை ஒன்று இருக்கிறது. வரவு 50 லட்சம் வரை இதற்கு இடமுண்டு. ரொக்கமாக வருவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. இந்த முறையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் சம்பாதிப்பவருக்கு வரிக்குரிய வருமானம் ஐந்து லட்சம்தான். புதிய வரி முறையில் வரியே வராது. அப்படிப்பட்டவரிடமும் 10 சதவீதம் பிடிக்கப்படுகிறது. அடுத்த நிதியாண்டில் கணக்குத் தாக்கல் செய்த பிறகே அது திரும்பி வரும். அதுவரை அந்தப் பணம் வீட்டுக்கு உதவாது. எழுத்து, வடிவமைப்பு போன்ற வேலைகள் இந்தப் பட்டியலுக்குள் வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது.

பணம் தாமதமாவதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாக இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், எழுத்தில் ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கோரலாம் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். தொடர்ந்து வேலை தரும் வாடிக்கையாளர் மீது இதை ஏவ யாருக்கும் மனம் வராது. ஆனாலும் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டு வைப்பதில் பலன் உண்டு. 45 நாளைத் தாண்டிய பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் கணக்குக் காட்ட வருமான வரிச் சட்டம் இப்போது விடுவதில்லை. ஆகவே நிதியாண்டு முடிவில் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவே தேடிவந்து பணம் அனுப்ப வாய்ப்புண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் இது எடுபடாது. அங்கே முன்பணம் கேட்பதுதான் வழி.

மூன்றாவது பகுதி, தொடக்கச் செலவு. நல்ல லேப்டாப் 90,000, நாற்காலி, மேசை, யூ.பி.எஸ். 20,000. மாதம் ஒதுக்கும் 2,000 அடுத்த லேப்டாப்புக்கானது. முதலாவதை வாங்க இப்போதே பணம் வேண்டும். நாலாவது, தொழிலுக்காகத் தொடக்கூடாத குடும்ப அவசரப் பணம். மூன்று மாத முழுச் செலவு, 2,10,000. அப்பாவுக்கு நெஞ்சுவலி வருவதும் பெரிய வாடிக்கையாளர் போவதும் ஒரே மாதத்தில் நடக்கக்கூடாது என்று எந்த ஏற்பாடும் இல்லை.

நான்கையும் கூட்டினால் சுமார் 7,20,000. இந்தக் குடும்பத்தின் பத்து மாதச் செலவுக்குச் சற்று மேல். ஆறு மாதக் கணக்கு 4,20,000 என்று சொல்லியிருக்கும், ஒரு வருடக் கணக்கு 8,40,000 என்று. ஒன்று ஆபத்தாகக் குறைவு. மற்றதை எட்டும்வரை காத்திருந்தால் வீணாகச் சில மாதம் போகும். வெளி வேலைக்கு அனுமதி கிடைக்காமல், வாடிக்கையாளரே இல்லாமல் இறங்குபவர் என்றால் முதல் பகுதியே 53,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 6,36,000 ஆகிவிடும். மொத்தம் பத்தரை லட்சத்தைத் தாண்டும்.

ஒரு புது வாடிக்கையாளரின் மதிப்பு

இந்தக் கணக்கின் பயன் அதை மாற்றிப் போட்டுப் பார்க்கும்போது தெரியும். நாலாவதாக ஒரு வாடிக்கையாளர் மாதம் 10,000 தருவதாக நிலைபெற்றால், துண்டு விழுவது 33,000-இலிருந்து 23,000 ஆகக் குறையும். ஒன்பது மாதத்துக்கு 90,000 மிச்சம். அதாவது 10,000 ரூபாய் நிலையான வருமானம், கையில் 90,000 ரூபாய் சேமிப்பு இருப்பதற்குச் சமம். மாறாக, திருப்பூர் நிறுவனம் தன் 20,000-ஐ 30,000 ஆக்கினால் தேவைப்படும் சேமிப்பு ஒரு ரூபாய்கூடக் குறையாது. கணக்கில் அது போய்விட்டதாகத்தானே வைத்திருக்கிறோம். இருக்கும் பெரிய வாடிக்கையாளரிடம் வேலையைப் பெருக்குவதைவிட, புதிதாக ஒரு சிறியவரைப் பிடிப்பது வேலையை விடும் நாளை நெருக்கமாகக் கொண்டுவரும்.

வருமானம் எதுவரை வளரும் என்பதிலும் ஒரு கணக்குப் பிழை நடக்கிறது. மாதம் நாற்பது மணி நேரத்தில் 48,000 வருகிறது, முழுநேரம் செய்தால் நாலு மடங்கு வரும் என்ற நினைப்பு அது. வாடிக்கையாளர் தேடுவது, விலை பேசுவது, பில் போடுவது, பணத்துக்கு நினைவூட்டுவது, புதியது கற்பது எல்லாவற்றுக்கும் போக, முழுநேர ஃப்ரீலான்ஸருக்குக் காசாகும் மணி நேரம் மாதம் நூறு கிடைத்தாலே நல்லது. அந்த நூறு மணிக்கும் வேலை இருக்க வேண்டும். அதைச் சோதிக்கக் கடந்த ஆறு மாதத்தைத் திரும்பிப் பார்த்தால் போதும். நேரமில்லை என்று சொல்லி எத்தனை வேலைகளை மறுக்க நேர்ந்தது? மாதம் 28,000 பெறுமானமுள்ள வேலைகள் கைநழுவியிருந்தால், வேலையை விட்டவுடன் வருமானம் உயரும் என்று நம்ப இடமிருக்கிறது. எதையுமே மறுக்க நேரவில்லை என்றால் தடையாக இருப்பது நேரம் அல்ல, வேலை வரத்து. ராஜினாமா செய்வதால் வேலை வரத்து கூடாது.

பணம் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். 7,20,000 என்பது வங்கிக் கணக்கிலும், நினைத்த நாளில் முறிக்கக்கூடிய வைப்புத்தொகையிலும், லிக்விட் ஃபண்டிலும் இருக்க வேண்டும். பங்குகள் விலை இறங்கிய மாதத்தில்தான் வாடிக்கையாளர்களும் செலவைக் குறைப்பார்கள். பி.எஃப். பணத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஐந்தாண்டுப் பணிக்கு முன் எடுத்தால் பெரும்பாலும் வரியுண்டு, முழுதாக எடுக்கக் காத்திருக்கவும் வேண்டும். இன்னும் எடுக்காத சீட்டைச் சேமிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் எடுக்கும்வரை அது மாதத் தவணை கேட்கும் ஒரு செலவு. நகையை அடகு வைப்பது கடைசிப் புகலிடமாக இருக்கலாம். வைத்ததும் வட்டிக் கட்டணம் இறுக்கமான எண்ணில் ஏறிவிடும்.

எந்த நாளில் விடுவது?

கோவைக்காரரிடம் இப்போது ஐந்து லட்சம் இருக்கிறது. குறைவது 2,20,000. சம்பளத்தில் மிஞ்சும் 20,000-ஐயும் வெளி வேலைப் பணம் முழுவதையும் சேமித்தால் மாதம் 68,000 சேரும். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால் அதற்குள்ளேயே இரண்டு லட்சத்துக்கு மேல் வந்துவிடும். ஆகவே சேமிப்பு 5,20,000-ஐத் தொட்டதும் கடிதம் கொடுத்தால், கடைசி வேலை நாளில் 7,20,000 கையில் இருக்கும். கடிதம் கொடுத்ததும் உடனே ரிலீவ் செய்துவிடும் நிறுவனங்களும் உண்டு. முன்பு ராஜினாமா செய்த சகாக்களுக்கு என்ன நடந்தது என்று விசாரித்தால் இது தெரிந்துவிடும். அந்த வழக்கம் இருக்கும் இடத்தில் முழுத் தொகையும் சேர்ந்த பிறகே கடிதம் கொடுக்க வேண்டும்.

தேதியைத் தீர்மானிக்கும் இன்னொன்று பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்க ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது அளவு, மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிடுவார்கள். 40,000 அடிப்படைச் சம்பளத்துக்கு ஐந்து ஆண்டில் சுமார் 1,15,000. தொடக்கச் செலவு முழுவதையும் அதுவே ஈடுகட்டிவிடும். நாலே முக்கால் ஆண்டு முடித்தவர் அவசரப்படாமல் மூன்று மாதம் பொறுப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று மருத்துவக் காப்பீடு. புதிய பாலிசியில் முதல் முப்பது நாள் விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டு வரை போகலாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் வழி இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு, வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால் இதை ஒத்திப்போடவே கூடாது. மற்றது கடன். சம்பளக்காரருக்குச் சில மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தரும் வீட்டுக் கடனுக்கு, சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும். வீடு வாங்கும் எண்ணமோ, கடனை வேறு வங்கிக்கு மாற்றும் எண்ணமோ இருந்தால் வரிசை அதற்கேற்ப மாற வேண்டும்.

கடைசியாக, திரும்பும் கோடு. சேமிப்பு எந்த அளவுக்கு இறங்கினால் மறுபடி வேலை தேடுவது என்பதை ராஜினாமாவுக்கு முன்பே குறித்துவைக்க வேண்டும். சேமிப்பு கரையும் நாட்களில் யாரும் நிதானமாக யோசிப்பதில்லை. வேலை தேடி, சேர்ந்து, முதல் சம்பளம் வாங்க மூன்று மாதமாவது ஆகும். அந்த மூன்று மாதத்துக்கு இறுக்கமான எண்படி 1,59,000, தொடக்கூடாத 2,10,000, இரண்டும் சேர்ந்து 3,69,000. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய எண் இது. அந்தக் கோட்டை எட்டுவதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும். மாதம் ஒருமுறை மூன்றைப் பார்த்தால் போதும்: 45 நாளைத் தாண்டிய பாக்கி எவ்வளவு, மொத்த வரவில் பெரிய வாடிக்கையாளரின் பங்கு பாதியைத் தாண்டுகிறதா, பேச்சுவார்த்தையில் இருக்கும் புதிய வேலைகள் எத்தனை. மூன்றாவது எண் தொடர்ந்து இரண்டு மாதம் பூஜ்யமாக இருந்தால், வங்கிக் கணக்கில் பணம் நிறைய இருந்தாலும் அடுத்த நாலைந்து மாதத்தில் வரவு விழப்போகிறது என்று பொருள். கையில் இருக்கும் வேலையில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டாவது ஆள் தேடப் புறப்பட வேண்டிய நேரம் அதுதான். சேமிப்பு கோட்டைத் தொட்ட பிறகு தேடத் தொடங்கினால், புதிய வாடிக்கையாளரின் முதல் பணம் வரும்போது அவசரப் பணத்திலும் கைவைத்து முடிந்திருக்கும்.